மெசேஜ் நின்றால் ஃபீஸ் முடிந்தது என்று அர்த்தமில்லை

அன்புள்ள பெற்றோருக்கு,

10ஆம் தேதிக்குப் பிறகு ஃபீஸ் மெசேஜ் வரவில்லையே, கணக்கு முடிந்துவிட்டதா என்று சிலர் கேட்டீர்கள். முடியவில்லை. நம் கணக்கு ஷீட் தினமும் காலையில் இரண்டே விஷயம்தான் பார்க்கும்: பாக்கி இருக்கிறதா, கடைசித் தேதி தாண்டாமல் இருக்கிறதா. இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் மெசேஜ் போகும். 11ஆம் தேதி இரண்டாவது பதில் இல்லை என்றானது. உடனே எல்லோருக்கும் நின்றுவிட்டது. 3,000 ரூபாயில் 1,500 மட்டும் கட்டிய ஒன்பதாம் வகுப்பு மாணவர் வீட்டுக்கும்தான். மீதி 1,500 அப்படியே நிற்கிறது.

மெசேஜை விடுங்கள், ரசீதைப் பாருங்கள். பாக்கித் தொகை அதன் கடைசி வரியில் இருக்கும். யுபிஐயில் அனுப்பியும் ரசீது வராதவர்கள் யுடிஆர் எண்ணை எனக்கு அனுப்புங்கள். தாமதத்துக்கு அபராதம் கிடையாது.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை