சங்கத்தின் முகநூல் பக்கம் யாருடைய கையில்?

2008இல் அடம்பனிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு விடயத்தை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. சங்கத்தின் கணக்குப் புத்தகம் ஒரே ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டார் போகும்போது புத்தகமும் போய்விடும். அதனால்தான் வங்கிக் கணக்கிற்கு ஒருவருக்கு மேற்பட்டோர் கையொப்பம் வைக்கிறார்கள். இன்று குத்தரிசியும் மிளகாய்த்தூளும் விற்கும் குழுக்கள் பல முகநூலிலேயே கட்டளைகளைப் பெறுகின்றன. அந்தக் கணக்குக்கு எத்தனை பேர் பொறுப்பு என்பதைப் பலர் பார்ப்பதில்லை.

முகநூலில் இரண்டு வகை உண்டு. ஒன்று தனியாள் கணக்கு. அது ஒரு மனிதருக்கு அவருடைய சொந்தப் பெயரில் தரப்படுவது. அதில் 5,000 பேருக்கு மேல் நண்பராக முடியாது. அதற்கு வரும் செய்திகள் அவருடைய தனிப்பட்ட கடிதங்களைப் போன்றவை. மற்றையது வணிகப் பக்கம். அது கடையின் பெயர்ப்பலகை போன்றது. எத்தனை பேரும் பின்தொடரலாம். பலர் தத்தம் சொந்தக் கணக்கிலிருந்தே அதனை நடத்தலாம். வாடிக்கையாளர் அனுப்பும் செய்திகள் பக்கத்திலேயே இருக்கும். நடத்துபவர் மாறினாலும் பழைய கட்டளைகளைப் பார்க்கலாம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஏழு பெண்கள் கொண்ட ஒரு குழு. அதன் செயலாளர், குழுவின் பெயரையே ஓர் ஆளின் பெயர்போல வைத்துத் தனியாள் கணக்கொன்றைத் திறக்கிறார். இரண்டு வருடங்களின் பின் அவர் வெளிநாடு செல்கிறார். கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டே போகிறார். புதிய செயலாளர் தனது கைத்தொலைபேசியில் அதைப் பதிகிறார். இது புதிய கருவி என்பதால் முகநூல் ஓர் இலக்கத்தை அனுப்பிச் சரிபார்க்கிறது. அந்த இலக்கம் போவதோ பழைய செயலாளரின் பாவனையில் இல்லாத தொலைபேசிக்கு. கடவுச்சொல் கையில் இருந்தும் கதவு திறக்கவில்லை. வணிகத்தைத் தனியாள் கணக்காக நடத்துவது விதிக்கு மாறானது என்பதால், அக்கணக்கு முடக்கப்படவும் கூடும்.

பக்கமாக இருந்திருந்தால் கடவுச்சொல்லைக் கைமாற்றத் தேவையே இல்லை. செல்பவர் பக்கத்திற்குள் சென்று Settings, அதில் Page setup, அதில் Page access என்பதைத் திறக்க வேண்டும். Add New என்பதை அழுத்திப் புதியவரின் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். அங்கே full control என்ற தெரிவு இருக்கும். அதைக் கொடுத்தால்தான் புதியவர் பிறரைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். கொடுக்காவிட்டால் அவர் பதிவிடலாம், பதில் எழுதலாம். ஆனால் சாவி பழையவரிடமே இருக்கும். பல குழுக்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

அழைப்பைப் புதியவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றாரா என்று அறிய, அவரே தன் தொலைபேசியில் Page access பட்டியலைத் திறந்து தன் பெயரைப் பார்க்கட்டும். அதன் பின்னரே பழையவரை நீக்க வேண்டும். முன்பின் மாறினால் பக்கம் சாவியில்லாத வீடாகிவிடும். பக்கத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்தையும், பணம் அனுப்பச் சொல்லும் வங்கி இலக்கத்தையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

ஒருவர் மட்டும் முழுப் பொறுப்பில் இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர் இறந்து, அவரது கணக்கை நினைவுக் கணக்காக்கும்படி உறவினர் கேட்டால், அவர் தனியே நடத்திய பக்கத்தை முகநூல் நீக்கிவிடும். ஆகவே எப்போதும் இருவருக்காவது முழுப் பொறுப்பு இருக்கட்டும்.

தொடங்கியவர் "இது நான் வளர்த்த பக்கம்" என்று சொன்னால் என்ன செய்வது? அமெரிக்காவில் அப்படியொரு வழக்கு நடந்தது. 'தி கேம்' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு இரசிகை ஒருவர் பக்கம் தொடங்கி, அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பங்களைச் சேர்த்தார். பின்னர் அத்தொடரை ஒளிபரப்பிய பி.ஈ.ரி. நிறுவனத்துடன் பிணக்கு ஏற்பட்டது. விருப்பங்கள் அவருடைய சொத்தல்ல, விருப்பம் தெரிவித்தவர்கள் எந்நேரமும் அதை மீளப்பெறலாம் என்று 2014இல் நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்த நிறுவனத்திடம் சட்டத்தரணிகள் இருந்தார்கள். எமது சிறு குழுக்களிடம் இருப்பது கூட்டக் குறிப்புப் புத்தகம் மட்டுமே.

அந்தப் புத்தகத்தில், பக்கம் தொடங்கும் நாளிலேயே மூன்று விடயங்களை எழுதிக் கையொப்பம் வையுங்கள்: பக்கம் குழுவுக்கு உரியது, முழுப் பொறுப்பு இன்ன இருவரிடம் உள்ளது, பதவி விலகுபவர் கணக்குப் புத்தகத்தையும் முத்திரையையும் ஒப்படைக்கும் அதே கூட்டத்தில் பக்கத்தையும் ஒப்படைக்க வேண்டும்.