சித்தியைத் தேடியவருக்குக் கிடைத்த அக்கா

1949-இல் ஹாலிவுட் நடிகை மெர்ல் ஓபரான் தன் அம்மாவை ஓவியமாக வரையச் சொன்னார். அம்மா சார்லட் செல்பி இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்து, தோலின் நிறத்தை மட்டும் வெளுப்பாகத் தீட்டச் சொன்னார். சார்லட் இலங்கையில் பிறந்தவர், ஆசியரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்தவர். உயிரோடு இருந்தபோது மகளுடன் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார். ஆனால் வந்தவர்களுக்கு அவர் வேலைக்காரியாகவே அறிமுகமானார்.

மெர்லின் பிறப்புப் பெயர் எஸ்டெல் மெர்ல் ஓ'பிரையன் தாம்சன். 1911-இல் பம்பாயில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்தார். வீட்டில் அவரைக் ‘குவீனி' என்று கூப்பிட்டார்கள். 1920-களின் இறுதியில் ஐரோப்பா போய், லண்டனில் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டார். 1933-இல் ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்ட்த்' படத்தில் ஆன் போலினாக வந்ததும் பெயர் பரவியது. திரைப்பெயரில் பொய் அதிகம் இல்லை. மெர்ல் அவருடைய சொந்தப் பெயர். ஓ'பிரையன் என்பதைச் சற்றே திரித்தால் ஓபரான். தேடுபவருக்கு இப்படிப்பட்ட எச்சங்கள்தான் முதல் நூல்முனை. பழைய நடிகர்கள் பலர் பெயரை மாற்றும்போது நடுப்பெயரையோ, அம்மா வழிப் பெயரையோ கொஞ்சம் விட்டுவைத்தார்கள்.

உண்மையில் மாற்றப்பட்டது ஊர். மெர்ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபர்ட் நகரில் பிறந்ததாக விளம்பரம் செய்தார்கள். லண்டனிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் யாரும் போய் விசாரிக்க முடியாத தொலைவு. பிரிட்டிஷ் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளவும் வசதி. யாராவது சான்று கேட்டால், பிறப்புப் பதிவுகள் தீயில் எரிந்துவிட்டன என்று பதில் தயாராக இருந்தது. வெள்ளையருக்கும் பிற இனத்தவருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டவே அமெரிக்கப் படத் துறை தயங்கிய காலம் அது. பம்பாய்ப் பெண் என்று தெரிந்தால் நாயகி வேடங்கள் கைநழுவும். 1935-இல் வெளியான ‘தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக அவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்றபோது, ஒரு ஆசியப் பெண் அங்கே நிற்கிறார் என்பதே உலகத்துக்குத் தெரியாது.

பொய் வேர்விட்டால் தானாகவே கிளைவிடும். டாஸ்மேனியாவில் சிலர், அவர் தங்கள் ஊரில் ஒரு சீன வம்சாவளிப் பெண்ணுக்குப் பிறந்தவர் என்று நம்பிக்கையோடு சொன்னார்கள். 1978-இல் ஹோபர்ட் நகரம் அவருக்கு வரவேற்பே கொடுத்தது. மறு ஆண்டு அவர் இறந்துபோனார். ஊரார் நினைவு சாட்சி ஆகாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். அவர்கள் நினைவில் வைத்திருந்தது, பத்திரிகையில் படித்த செய்தியின் எதிரொலி.

முடிச்சை அவிழ்த்தது ஒரு காகிதம். சார்லட்டுக்கு கான்ஸ்டன்ஸ் என்று முன்பே ஒரு மகள் இருந்தார். மெர்லுக்கு அக்கா என்று குடும்பம் சொன்னது. கான்ஸ்டன்ஸின் மகன் ஹாரி செல்பி, தன் சித்தியின் பிறப்புச் சான்றிதழை பம்பாய் அரசுப் பதிவுகளில் தேடி எடுத்தார். அம்மா என்ற இடத்தில் சார்லட்டின் பெயர் இல்லை, கான்ஸ்டன்ஸின் பெயர் இருந்தது. மெர்ல் பிறந்தபோது கான்ஸ்டன்ஸே சிறுமி. பேத்தியைத் தன் மகளாக்கி வளர்த்திருக்கிறார் சார்லட். சித்தி என்று தேடப்போன ஹாரிக்கு அக்கா கிடைத்தார். லாஸ் ஏஞ்சலஸில் அவர் சந்திக்க முயன்றபோது மெர்ல் பார்க்க மறுத்துவிட்டார். மெர்ல் இறந்த பிறகு, 1983-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறுதான் பம்பாய்ப் பிறப்பைப் பரவலாக அறியச் செய்தது.

வேர் தேடுபவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நட்சத்திரம் ஆன பிறகு எழுதப்பட்ட பேட்டி, திருமணப் பதிவு, இறப்புச் சான்றிதழ் எல்லாம் அவரோ அவருடைய நெருங்கியவர்களோ சொன்னதையே திருப்பிச் சொல்லும். புகழுக்கு முந்தைய காகிதத்துக்குத்தான் எடை அதிகம்: பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, கப்பல் பயணிகள் பட்டியல். பிரிட்டிஷ் இந்தியாவின் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானங்களின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பம்பாய், சென்னை, வங்காள மாகாணங்களின் அந்தத் தொகுப்புகள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ‘குவீனி' என்று தேடினால் எதுவும் வராது. முழுப் பெயரையும், தாய் தந்தை பெயர்களையும் வைத்தே தேட வேண்டும். அதோடு, பதிவேடும் யாரோ ஒருவர் சொல்லி எழுதியதுதான். குடும்பம் அங்கேயே மறைத்திருந்தால் காகிதமும் மறைக்கும்.

இந்தக் குடும்பம் பதிவேட்டில் மறைக்கவில்லை, வீட்டில்தான் மறைத்தது. அம்மா என்று சொல்லி வெளுப்பாக வரையவைத்த ஓவியத்தில் இருந்தவர் மெர்லின் பாட்டி. அம்மாவின் பெயர் பம்பாயில் ஒரு பதிவேட்டில், யாரும் புரட்டாத பக்கத்தில், எழுதியபடியே இருந்தது.