மங்கலான படமும் மூன்று சராசரிகளும்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்கா மகள் ராத்திரி எட்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கணக்குப் பயிற்சித்தாள். சாய்வாக எடுத்ததால் அட்டவணையின் ஒரு பக்கத்தில் அவள் கைநிழல் விழுந்திருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: “மாமா, இடைநிலை எனக்கு 32.5 வருது. தாள்ல 32.17னு போட்டிருக்கு. கொஞ்சம்தானே வித்தியாசம், விட்டுடலாமா?”

ஐம்பது மாணவர்கள் ஒரு தேர்வில் எடுத்த மதிப்பெண்கள் அது. 1–10 எடுத்தவர்கள் 4 பேர், 11–20 எடுத்தவர்கள் 6, 21–30 எடுத்தவர்கள் 12. அடுத்த பிரிவான 31–40இல்தான் நிழல் விழுந்திருந்தது. அந்த எண் 13 என்றும் படிக்கலாம், 18 என்றும் படிக்கலாம். கடைசிப் பிரிவு 41–50இல் 10 பேர். நல்லவேளையாக, அடியில் ‘மொத்தம் 50’ என்று தெளிவாக இருந்தது. மற்ற நான்கையும் கூட்டினால் 32. மீதி 18. படத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கூட்டல்தான். 13 என்று எடுத்துக்கொண்டு போனாலும் கணக்கு எங்கும் முட்டாமல் கடைசிவரை ஓடும், விடைதான் தவறாக வரும்.

கூட்டுச் சராசரியை அவள் சரியாகவே போட்டிருந்தாள். 31–40 எடுத்த பதினெட்டுப் பேரில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று அட்டவணை சொல்வதில்லை. ஆகவே எல்லோரும் பிரிவின் நடுவில், அதாவது 35.5 எடுத்ததாக வைத்துக்கொள்கிறோம். இப்படி ஒவ்வொரு பிரிவின் நடுமதிப்பையும் ஆள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 1515; ஐம்பதால் வகுத்தால் 30.3.

சிக்கல் இடைநிலையில். ஐம்பது பேரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் பாதி வழி 25. முதல் மூன்று பிரிவுகளில் 4, 6, 12 என 22 பேர் முடிந்துவிடுகிறார்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும். அவர்களை அடுத்த பிரிவின் பதினெட்டுப் பேரிடமிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பதினெட்டுப் பேரும் பிரிவு முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், பிரிவின் அகலத்தில் பதினெட்டில் மூன்று பங்கு உள்ளே போனால் இடைநிலை கிடைக்கும். பாடப்புத்தகச் சூத்திரம் சொல்வது இவ்வளவுதான்.

அகலம் எவ்வளவு, எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் அவள் இடறியிருந்தாள். 31இல் தொடங்கி, 40இலிருந்து 31ஐக் கழித்து, அகலம் 9 என்று போட்டிருந்தாள். ஆனால் 31 முதல் 40 வரை விரல்விட்டு எண்ணினால் பத்து எண்கள். ஒரு பிரிவு 30இல் முடிந்து அடுத்தது 31இல் தொடங்கும்போது நடுவே ஒரு இடைவெளி கிடக்கிறது. அதை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பங்கிட்டால் இந்தப் பிரிவு 30.5 முதல் 40.5 வரை நீளும்.

30.5 + (3 ÷ 18) × 10 = 32.17

“அப்போ 31க்குப் பதிலா 30.5 போட்டா போதுமா?” என்று கேட்டாள். போதாது, அகலத்தையும் மாற்ற வேண்டும். இந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் விடை பக்கத்திலேயே வந்து நிற்கும். முகட்டில் இன்னும் மோசம்: தவறான வழியில் 34.86, சரியான வழியில் 34.79.

முகட்டுச் சூத்திரத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் மனப்பாடம்தான் செய்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரு சின்ன இழுபறி. அதிகம் பேர் உள்ள பிரிவில் 18. இடப்பக்கத்துப் பிரிவில் 12, வலப்பக்கத்தில் 10. வித்தியாசம் 6, 8. இடப்பக்கம் கொஞ்சம் கூட்டம் அதிகம் என்பதால் முகடு நடுவிலிருந்து அந்தப் பக்கம் சற்றுச் சாய்கிறது. அகலத்தை 6க்கு 8 என்ற விகிதத்தில் பிரித்து, 30.5இலிருந்து பதினான்கில் ஆறு பங்கு தள்ளி முகட்டைக் குறிக்கிறோம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 30.3, 32.17, 34.79. குறைந்த மதிப்பெண் பக்கம் வால் நீண்ட கூட்டத்தில் சராசரி பின்தங்கி, முகடு முன்னால் நிற்பதுதான் வழக்கம். இந்த வரிசை தலைகீழாக வந்திருந்தால் எங்கோ பிசகு என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

அவள் தாளை மூடுமுன் ஒன்று கேட்டாள்: “அப்போ நிறையப் பேர் எடுத்தது 34.79ஆ மாமா?” அப்படி ஒரு மதிப்பெண்ணை யாருமே எடுக்க முடியாது என்றேன். இன்னொன்றும் சொன்னேன். கடைசிப் பிரிவின் பத்துப் பேரும் முழு ஐம்பது எடுத்திருந்து, அந்தப் பதினெட்டுப் பேர் 31க்கும் 40க்கும் இடையில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியிருந்தால், உண்மையில் அதிகம் பேர் எடுத்த மதிப்பெண் 50ஆகக்கூட இருக்கலாம். அப்போதும் இந்த அட்டவணை 34.79 என்றுதான் சொல்லும்.