600-ஆ, 683-ஆ?

ஆன்லைன் கடைகளின் டாஷ்போர்டில் 'சராசரி ஆர்டர் மதிப்பு' என்ற எண் பெரும்பாலும் மேல் வரிசையிலேயே இருக்கும். விற்ற தொகையை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆர்டர்களை வைத்துப் போட்ட கணக்கு சரியா என்று யாராலும் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நான்கே ஆர்டர் என்றால் சொல்லிவிடலாம்.

முதல் ஆர்டர் 500 ரூபாய், ஒரு பொருள். அடுத்தது 300 ரூபாய், இரண்டு பொருள். மூன்றாவது 1000 ரூபாய், மூன்று பொருள். நான்காவது 200 ரூபாய், ஒரு பொருள், அது ரத்தாகிவிட்டது. ரத்தானதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? புரோகிராம் எழுதுகிறவர் தாமாக முடிவு செய்துவிடாமல் கணக்குப் பிரிவைக் கேட்க வேண்டிய கேள்வி இது. வேண்டாம் என்றால், 1800-ஐ 3-ஆல் வகுக்க 600. இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே சூத்திரத்தை ஓட்ட வேண்டும். புரோகிராம் தந்த விடையையே எதிர்பார்க்கும் விடையாக எழுதினால் அதிலுள்ள தப்பும் சேர்ந்து பதிவாகிவிடும்.

```python
assert average_order_value(orders, items) == 600
```

யூனிட் டெஸ்ட் என்பது இந்த ஒரு வரிதான். விடை 600 இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

683 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் டேபிளைப் பொருள் டேபிளோடு ஜாயின் செய்தால், ஒரு ஆர்டரில் எத்தனை பொருளோ அத்தனை வரிகள் வரும். 500 ஒரு தடவை, 300 இரண்டு தடவை, 1000 மூன்று தடவை. கூட்டினால் 4100, வரிகள் 6, சராசரி 683 சொச்சம். டாஷ்போர்டில் இந்த எண்ணைப் பார்க்கிற யாருக்கும் சந்தேகமே வராது, ஆபத்தும் அதுதான். விடை 500 என்று வந்தால், ரத்தான ஆர்டரும் உள்ளே புகுந்திருக்கிறது: 2000-ஐ 4-ஆல் வகுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு தப்புக்கும் வேறு வேறு விடை வருகிற மாதிரி எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. எல்லா ஆர்டரிலும் ஒரே பொருள் என்று மாதிரியை அமைத்திருந்தால், அந்த ஜாயின் தப்பு வெளியே தெரியாமல் டெஸ்ட் பாஸாகியிருக்கும். எல்லா ஆர்டரும் 600 ரூபாய் என்று வைத்திருந்தாலும் அதே கதிதான்.

ஆர்டரே வராத நாளுக்கும் தனியாக ஒரு டெஸ்ட் வேண்டும். எஸ்.க்யூ.எல்.லில் வரியே இல்லாதபோது `AVG` தருவது `NULL`, பூஜ்யம் அல்ல. அதை 0 என்று மாற்றிக் காட்டினால், தினசரி எண்களை வைத்துப் போடும் வாரச் சராசரி காரணமில்லாமல் இறங்கிவிடும்.

சூத்திரம் சரியா என்பதை மட்டுமே இந்த டெஸ்ட் சொல்லும். நேற்றைய ஆர்டர்களில் பாதி டேபிளுக்கு வந்தே சேரவில்லை என்றாலும் டெஸ்ட் பாஸ்தான் ஆகும். அதைக் கண்டுபிடிக்க, டாஷ்போர்டு காட்டும் நாளின் மொத்தத்தைப் பணம் வசூலித்த கணக்கோடு தினமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.