சுவரில் அளந்து உள்ளே அறிவது

1910 மே 20 காலையில் ஜெர்மனியின் மியூனிக் நகரை ஒட்டிய பகுதியில் காற்றழுத்தமானி கிட்டத்தட்ட அசையவே இல்லை. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் அந்தக் காலையின் பதிவுகளை வைத்துச் சில ஆண்டுகள் கழித்துக் கையாலேயே ஒரு கணக்குப் போட்டார். ஆறு மணி நேரத்தில் அங்கே அழுத்தம் 145 ஹெக்டாபாஸ்கல் ஏறும் என்று விடை வந்தது. பெரும்புயல்களின் மையத்தில்கூட அழுத்தம் இயல்பிலிருந்து நூறு ஹெக்டாபாஸ்கலுக்கு மேல் இறங்குவது அரிது. அந்த விடையை மறைக்காமல் 1922இல் தன் புத்தகத்திலேயே அச்சிட்டார் ரிச்சர்ட்சன்.

அவருடைய சமன்பாட்டில் பிழை இல்லை. அழுத்தத்தைக் கணிக்க அவர் பயன்படுத்தியது தொடர்ச்சிச் சமன்பாடு. காற்று தானாகத் தோன்றாது, தானாக மறையாது என்பதன் கணித வடிவம். இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று ஒரு பெரிய பெட்டியைப் பற்றிப் பேசும். மற்றது ஒரே ஒரு புள்ளியைப் பற்றிப் பேசும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழிதான் காஸ் பெயரால் அறியப்படும் விரிதல் தேற்றம். ரிச்சர்ட்சனின் 145 எங்கிருந்து வந்தது என்பதும் அந்த வழியில்தான் தெரியும்.

முதலில் பெட்டி. வானில் கற்பனையாக ஒரு பெட்டியை வரைந்துகொள்வோம். அதன் கன அளவு V, மேற்பரப்பு S. காற்றின் அடர்த்தி ρ, திசைவேகம் v, சுவரிலிருந்து வெளிநோக்கும் திசை n. உள்ளே இருக்கும் நிறை எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அவ்வளவு காற்று சுவர்களின் வழியே வெளியேறுகிறது:

d/dt ∫_V ρ dV = − ∮_S ρ v·n dS

இது தொகையீட்டு வடிவம். அளந்து பார்க்கக் கூடியது இதுதான். ஆனால் இடப்பக்கம் பெட்டியின் உள்ளேயும் வலப்பக்கம் சுவரிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தொகையீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் புள்ளிக்கு இறங்க முடியும்.

விரிதல் தேற்றம் செய்வது அதைத்தான். பெட்டியைச் சின்னஞ்சிறு பெட்டிகளாக வெட்டுங்கள். பல அறைகள் கொண்ட ஒரு வீட்டில், ஓர் அறையை விட்டு வெளியேறுகிறவர் அடுத்த அறைக்குள்தான் நுழைகிறார். எல்லா அறைகளின் கணக்கையும் கூட்டினால் உள்கதவுகளின் போக்குவரத்து ஒன்றையொன்று அடித்துவிடும். வாசல் வழியே போனதும் வந்ததும் மட்டும் மிஞ்சும். சிறு பெட்டிகளும் அப்படியே. ஒவ்வொரு சிறு பெட்டியிலிருந்தும் நிகரமாக வெளியேறுவதை அதன் கன அளவால் வகுத்து, பெட்டியைச் சுருக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் எண்தான் அந்தப் புள்ளியின் விரிதல், ∇·(ρv). ஆகவே

∮_S ρ v·n dS = ∫_V ∇·(ρv) dV

பெட்டி அசையாமல் இருப்பதால் காலவகையீட்டையும் தொகையீட்டுக்குள் கொண்டுபோகலாம். அப்போது

∫_V [∂ρ/∂t + ∇·(ρv)] dV = 0

என்று வந்து நிற்கிறோம். இங்கே தொகையீட்டுக் குறியைச் சட்டென்று தூக்கிப்போட்டுவிட ஆசை வரும். பாடப்புத்தகங்களே பல சமயம் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஆனால் ஒரு பெட்டியின் தொகை பூஜ்யம் என்றால் உள்ளே எல்லா இடத்திலும் பூஜ்யம் என்று பொருள் இல்லை. ஒரு பாதியில் கூடுதலாகவும் மறுபாதியில் குறைவாகவும் இருந்து, சேர்த்தால் பூஜ்யமாகலாம். குறியைத் தூக்கும் உரிமை வேறு காரணத்தால் கிடைக்கிறது: நிறை அழியாது என்ற விதி எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். ஏதாவது ஒரு புள்ளியில் அடைப்புக்குள் இருப்பது பூஜ்யத்துக்கு மேலே இருந்தால், அது திடீர் மாற்றமின்றித் தொடர்ந்து மாறும் அளவாக இருக்கும்வரை, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு குட்டிப் பெட்டி முழுவதும் அது பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கும். அந்தக் குட்டிப் பெட்டியின் தொகை பூஜ்யமாகாது, விதி உடைந்துவிடும். எனவே எல்லாப் புள்ளியிலும்

∂ρ/∂t + ∇·(ρv) = 0

இதுதான் வகையீட்டு வடிவம். ‘தொடர்ந்து மாறும்’ என்ற நிபந்தனை வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தின் அதிர்வலையில் அடர்த்தி ஒரே தாவலாக மாறுவதாகவே கொள்கிறோம். அங்கே வகையீடு காண முடியாது, புள்ளி வடிவம் வாயடைத்துப் போகும். பெட்டி வடிவம் மட்டும் செல்லும். தாவலின் இரு பக்கமும் ஒட்டிய மெல்லிய பெட்டி ஒன்றை எடுத்து, அலையோடு கூடவே நகர்ந்தபடி பார்த்தால், அலைக்குச் செங்குத்தான திசையில் ρ₁v₁ = ρ₂v₂ என்று கிடைக்கிறது.

இனி ரிச்சர்ட்சனுக்கு வருவோம். அவர் எதிர்த்திசையில், புள்ளியிலிருந்து பெட்டிக்குப் போனார். ஓரிடத்தின் தரையழுத்தம் என்பது அதற்கு மேலே வானின் உச்சிவரை நிற்கும் காற்றின் எடைதான். ஒரு சதுர மீட்டருக்கு மேலே சுமார் பத்து டன். வகையீட்டு வடிவத்தைத் தரையிலிருந்து உச்சிவரை தொகையிட்டால் அழுத்தம் மாறும் வேகம் வருகிறது. தரை வழியாகவும் உச்சி வழியாகவும் காற்று போவதில்லை என்பதால், பக்கச் சுவர்களின் கணக்கு மட்டும்தான் மிச்சம். அவருடைய கட்டங்கள் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பக்கம் கொண்டவை.

145 ஹெக்டாபாஸ்கல் ஏற வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் கிட்டத்தட்ட ஒன்றரை டன் காற்று கூடுதலாகச் சேர வேண்டும். இது பத்து டன்னில் ஏழில் ஒரு பங்கு. ஆறு மணி நேரம் என்பது 21,600 விநாடி. ஆக, ஒரு விநாடிக்குச் சுமார் பத்து லட்சத்தில் ஏழு பங்கு காற்று குவிந்தால் போதும். 200 கிலோமீட்டர் அகலப் பெட்டியில் அதைச் சுவர்க்கணக்காக மாற்றினால், ஒரு பக்கம் நுழையும் காற்றுக்கும் எதிர்ப்பக்கம் வெளியேறும் காற்றுக்கும் இடையே, உயரம் முழுவதும் சராசரியாக, விநாடிக்கு 1.3 மீட்டர் வேக வித்தியாசம். அவ்வளவுதான்! பலூனைப் பார்த்துக் காற்றை அளந்த அந்தக் காலத்தில் அந்த அளவு பிழை எளிதில் நுழைந்துவிடும். தொடக்கக் காற்றுப் பதிவுகளில்தான் கோளாறு என்று ரிச்சர்ட்சனே எழுதினார்.

ஆஸ்திரிய வானிலையாளர் மாக்ஸ் மார்குலஸ் இந்தக் கண்ணியை 1904இலேயே காட்டியிருந்தார். காற்று வேகத்தை எட்டமுடியாத நுட்பத்தோடு அளந்தாலொழிய, தொடர்ச்சிச் சமன்பாட்டைக் கொண்டு அழுத்த மாற்றத்தைக் கணிக்க முடியாது என்பது அவர் முடிவு. காரணம் வளிமண்டலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கீழடுக்குகளில் காற்று குவியும் இடத்தில் மேலடுக்குகளில் பெரும்பாலும் விரிகிறது. டைன்ஸ் ஈடுகட்டல் என்று வானிலையாளர்கள் இதைச் சொல்வார்கள். இரண்டு பெரிய எண்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று கழித்து மிஞ்சும் சிறு எண்தான் உண்மையான அழுத்த மாற்றம். பெரிய எண்களில் இருக்கும் சிறு பிழை அந்த மிச்சத்தை விழுங்கிவிடுகிறது.

பின்னாளில் அயர்லாந்தின் பீட்டர் லின்ச் அதே பதிவுகளை எடுத்து, அதே முறையைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். முதலில் ரிச்சர்ட்சனின் விடையே கிட்டத்தட்ட அப்படியே வந்தது. தொடக்கப் பதிவுகளில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் பொருந்தாமல் எழும் வேகமான அலைவுகளை வடிகட்டிய பிறகு ஓட்டியபோது அழுத்தம் அநேகமாக அசையவில்லை.

இன்றும் மூன்று நான்கு பலூன் நிலையங்களுக்கு நடுவே காற்று எவ்வளவு வேகத்தில் மேலெழுகிறது என்று கணக்கிடும்போது இதே சிக்கல் வருகிறது. சுற்றிலும் அளந்த காற்றிலிருந்து தேற்றத்தின் வழியே சராசரி விரிதலை எடுத்து, அடுக்கடுக்காக மேலே கூட்டிக்கொண்டே போவார்கள். பிழையும் கூடவே ஏறும். அது எவ்வளவு என்று காட்டிக்கொடுப்பது உச்சி: வானின் மேல்விளிம்பில் மேலெழும் வேகம் பூஜ்யமாக வர வேண்டும், வராமல் மிஞ்சும் எண்ணை எல்லா அடுக்குகளுக்கும் பகிர்ந்து கழித்துவிடுகிறார்கள். உயரே போகப் போகக் காற்றளவீட்டின் நம்பகம் குறைவதால், மேலடுக்குகளின் பங்கில் கூடுதலாகக் கழிப்பது வழக்கம்.