போர்ட்டல் கைவிட்டால் மின்னஞ்சல்

நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் பெயர், படிப்பு, அனுபவம் என்று பக்கம் பக்கமாக நிரப்பியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ‘Submit’ பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு ‘Something went wrong’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது. விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். அந்தப் பதற்றத்தில் பலர் செய்வது, தெரிந்த ஏதோ ஒரு முகவரிக்கு ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு ரெஸ்யூமே’ என்று ஒற்றை வரி எழுதி, கைக்குக் கிடைத்த கோப்புகளையெல்லாம் சேர்த்து அனுப்பிவிடுவது. அப்படிப் போகும் மின்னஞ்சல் பெரும்பாலும் எங்கும் சேர்வதில்லை. காரணம் தெரிந்தால் எப்படி எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களின் வேலைவாய்ப்புத் தளத்துக்குப் பின்னால் ஒரு மென்பொருள் இருக்கிறது. வொர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ், டேலியோ போன்றவை பரவலாகப் புழங்குபவை. ஒவ்வொரு காலியிடத்துக்கும் அதில் ஒரு எண் உண்டு. ஆளெடுக்கும் அலுவலர் காலையில் வந்து திறப்பது தன் மின்னஞ்சலை அல்ல, அந்த எண்ணுக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கும் பட்டியலை. நேர்காணலுக்கு அழைப்பது, நிராகரிப்பது, மேலாளருக்கு அனுப்புவது எல்லாம் அந்தப் பட்டியலுக்குள்ளேயே நடக்கின்றன. நேரடியாக வரும் மின்னஞ்சல் அதற்கு வெளியே நிற்கிறது. ஆகவே நம் மின்னஞ்சல் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: அதைப் படிக்கிறவர் வேறு எதையும் தேடாமல், கேட்காமல், நம்மை அந்தப் பட்டியலில் ஏற்றும்படி செய்வது.

எழுதுவதற்கு முன் விண்ணப்பம் உண்மையிலேயே போகவில்லையா என்று பார்த்துவிட வேண்டும். திரையில் பிழை காட்டினாலும் உள்ளே பதிவாகியிருப்பதுண்டு. தளத்தில் மறுபடி நுழைந்து ‘My Applications’ பகுதியில் பாருங்கள். ‘Submitted’ என்றிருந்தால் வேலை முடிந்தது. ‘Draft’, ‘In Progress’ போன்ற சொல் இருந்தால் முடியவில்லை. ஸ்பேம் பெட்டியில் ஒப்புகை மின்னஞ்சல் விழுந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். பிறகு கோளாறு நம் பக்கம் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். அனுமதித்த அளவைவிடப் பெரிய கோப்பு, கோப்பின் பெயரில் உள்ள சிறப்புக் குறிகள், நடுவில் எழுந்து போய்விட்டதால் முடிந்துபோன லாகின் நேரம் ஆகியவை அடிக்கடி தடுப்பவை. கோப்பைச் சுருக்கி, பெயரை எளிதாக்கி, வேறொரு பிரவுசரில் ஒருமுறை முயன்றால் பாதிச் சிக்கல்கள் அங்கேயே தீரும். தீராவிட்டால், பிழைச் செய்தியும் தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதிக்குள் முயன்றோம் என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண். ஒரகடத்தில் உள்ள வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். வேலை எண் R-1047 என்று வைத்துக்கொள்வோம். ஆவணங்களைப் பதிவேற்றும் பக்கத்தில் தளம் நின்றுவிட்டது. பட்டச் சான்றிதழ் கோப்பைச் சுருக்கியும், இரண்டு பிரவுசர்களில் முயன்றும் பயனில்லை. அவர் அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எந்த மொழியானாலும் அளவும் அடுக்கும் இப்படி இருந்தால் போதும்:

பொருள்: அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் விண்ணப்பம் – வேலை எண் R-1047 – தம் பெயர்

“வணக்கம். ஒரகடம் ஆலையின் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இன்று மாலை உங்கள் தளத்தில் ஆவணங்கள் பக்கம் வரை நிரப்பினேன். அதற்கு மேல் செல்ல முடியாமல் பிழைச் செய்தி வருகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் முயன்றேன். ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்.

பி.காம். படித்து, நான்கு ஆண்டுகளாக ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கவனித்துவருகிறேன். கணக்குகளை டாலியில் பராமரிக்கிறேன். நோட்டீஸ் காலம் 30 நாள். ஒரகடத்துக்கு இடம்பெயரத் தயார். தளத்தில் கேட்ட ரெஸ்யூமேயும் பட்டச் சான்றிதழும் இணைப்பில் உள்ளன. தளத்தில் நான் பதிந்துள்ள முகவரி இதே மின்னஞ்சல்தான்.

இதை விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ள முடியுமா, அல்லது தளத்தில் மறுபடி பதிய வேண்டுமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.” கீழே பெயரும் கைபேசி எண்ணும்.

இதில் போர்ட்டல் கோளாறுக்கு ஒதுக்கியது நான்கைந்து சிறு வரிகள்தான். எந்தப் பக்கத்தில் நின்றது, எப்போது, என்னென்ன செய்து பார்த்தோம் என்பவை போதும். இரண்டு மணி நேரம் போராடினேன், தளம் மோசம் என்று எழுத வேண்டாம். படிப்பவர் தளத்தை நடத்துகிறவர் அல்ல, அவரால் அதைச் சரிசெய்யவும் முடியாது. நோட்டீஸ் காலம், இடம்பெயரத் தயாரா என்ற விவரங்களை இதில் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. தளம் கட்டாயமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில் இல்லாவிட்டால் அலுவலரால் படிவத்தை முடிக்க முடியாது. எதிர்பார்க்கும் சம்பளத்தையும் தளம் கட்டாயம் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு வரி எழுதிவிடலாம். ‘தளத்தில் பதிந்துள்ள முகவரி இதே’ என்ற வரியை வைத்து அவர் அரைகுறையாக நிற்கும் நம் படிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே தளத்தில் பதிந்த அதே முகவரியிலிருந்து அனுப்புவதுதான் சரி. கடைசியில் உள்ள கேள்வியை விட்டுவிடாதீர்கள். நேரடி மின்னஞ்சலை விண்ணப்பமாக ஏற்கக் கூடாது என்று உள்விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. கேள்வி கேட்டிருந்தால்தான் ‘தளத்தில் பதியுங்கள், தேதி நீட்டித்திருக்கிறோம்’ என்றாவது பதில் வர வாய்ப்புண்டு.

இணைப்புகள் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். என்ன இணைப்பது என்பதற்கு அளவுகோல் எளிது: தளம் அந்தக் கட்டத்தில் என்னென்ன கேட்டதோ அவை மட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து கணினிப் பயிற்சிச் சான்றிதழ் வரை பதினைந்து கோப்புகளை அனுப்பினால், ரெஸ்யூமே எது என்று அவர் தேட வேண்டியிருக்கும். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றை இந்தக் கட்டத்தில் அனுப்பவே கூடாது. வேலை உறுதியான பிறகு கேட்கப்படுபவை அவை. யாருடைய பெட்டிக்குப் போகிறது என்று உறுதியாகத் தெரியாத மின்னஞ்சலில் அடையாள ஆவணத்தை வைப்பது ஆபத்து.

ரெஸ்யூமே பிடிஎஃப் ஆக இருக்கட்டும், ஆனால் அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்ததாக இருக்க வேண்டாம். அலுவலர் அதைத் தம் மென்பொருளில் ஏற்றும்போது, மென்பொருள் எழுத்துகளைப் படித்துப் பெயர், படிப்பு, அனுபவம் என்று பிரித்துக்கொள்ளும். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதைப் படிப்பதில் மென்பொருள் தடுமாறும், பல நேரம் விவரங்கள் காலியாகவே நிற்கும். சோதிப்பது சுலபம். கோப்பைத் திறந்து ஒரு வரியை மவுசால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்துகள் நீலமாகத் தேர்வானால் சரி. மொத்தப் பக்கமும் ஒரே படமாக நின்றால் மூல வேர்டு கோப்பிலிருந்து மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள். கோப்பின் பெயர் `resume_final_new2.pdf` என்றிருந்தால், அதைப் பதிவிறக்கியவரின் கணினியில் நூறு கோப்புகளுக்கிடையே அது தொலைந்துபோகும். உங்கள் பெயரும் வேலை எண்ணும் அதில் இருக்கட்டும்.

சான்றிதழ்களுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய கோப்பைத் திறக்க முடியாமல் அலுவலர் அப்படியே விட்டுவிடுவார், சில நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள் அதை உள்ளேயே விடாது. ஜிப் கோப்புக்கும் இதே கதிதான். அளவைப் பொறுத்தவரை, ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்பதை நம்பிவிட வேண்டாம். பெறுகிறவருடைய சர்வருக்கு அதைவிடக் குறைந்த வரம்பு இருக்கலாம். மேலும், இணைப்புகள் மின்னஞ்சலுக்குள் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கின்றன, அப்போது அவற்றின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கைபேசியில் எடுத்த ஒரு சான்றிதழ் படமே பல எம்பி இருக்கும். சுருக்கி, எல்லாம் சேர்ந்து 5 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. கூகுள் டிரைவ் லிங்க் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அனுமதி திறந்துவிட மறந்தால் அவர் நம்மிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும், வெளி லிங்க்குகளைத் திறக்கக் கூடாது என்று பல அலுவலகங்களில் கட்டுப்பாடும் உண்டு.

எங்கே அனுப்புவது? வேலை விளம்பரத்திலோ, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ உள்ள ஆளெடுப்பு முகவரிக்கு. தொழில்நுட்ப உதவிக்கென்று தனி முகவரி இருந்தால் அதை நகலில் சேர்க்கலாம். கணக்குத் தொடங்கியபோது வந்த ‘no-reply’ முகவரிக்கு எழுதி எந்தப் பயனும் இல்லை. வாட்ஸாப்பில், டெலிகிராமில் சுற்றும் முகவரிகளை நம்ப வேண்டாம். @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரும் நிறுவனத் தளத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பதிலில் பதிவுக் கட்டணம் கேட்டால் அது மோசடி.

அரசுத் தேர்வுகளுக்கு இந்த வழி இல்லை. டிஎன்பிஎஸ்சி போன்ற அமைப்புகளுக்கு விண்ணப்பம் ஆன்லைனில்தான் போய்ச் சேர வேண்டும். தளம் சிக்கினால் அறிவிக்கையில் உள்ள உதவி எண்ணையோ மின்னஞ்சலையோ கடைசி நேரத்துக்கு முன்பே அணுகலாம், ஆனால் அந்த மின்னஞ்சல் உதவி கேட்பதுதான், விண்ணப்பம் ஆகாது. பணம் கட்டிய பின் சிக்கியிருந்தால் பரிவர்த்தனை எண்ணையும் எழுதுங்கள்.

அனுப்பிய சில நிமிடங்களில் ‘Mail Delivery Subsystem’ என்ற பெயரில் ஏதும் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். முகவரி தவறா, அளவு கூடிவிட்டதா என்று அதிலேயே எழுதியிருக்கும். திருத்தி அன்றே மறுபடி அனுப்பிவிட வேண்டும். வரவில்லையென்றால் இரண்டு வேலை நாள் பொறுத்து, அதே மின்னஞ்சல் தொடரிலேயே ஒரு வரி நினைவூட்டலாம். இதற்கிடையில் தளத்தையும் முயன்றுகொண்டிருங்கள். அது சரியாகி விண்ணப்பம் போய்விட்டால், அதே தொடரில் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, ‘தளத்திலேயே பதிந்துவிட்டேன், முந்தைய மின்னஞ்சலைத் தனி விண்ணப்பமாகக் கொள்ள வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் கையால் ஒருமுறை ஏற்ற, ஒரே ஆள் பட்டியலில் இரண்டு பெயராக நிற்கும்.