பழைய சகாவுக்கு ஒரு பரிந்துரை

லிங்க்டினில் பழைய சகாக்களுக்காக எழுதப்படும் பரிந்துரைகளை வரிசையாகப் படித்தால் எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கும். கடின உழைப்பாளி, நேர்மையானவர், எல்லோரோடும் இணங்கிப் போகிறவர். பெயரை அழித்துவிட்டு யார் தலையில் வேண்டுமானாலும் கட்டலாம்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்த பெண், தன் பழைய புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பரிந்துரை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் முதலில் கேட்க வேண்டியது, “எந்த மாதிரி வேலைக்குப் பாக்கறீங்கம்மா?” என்பதுதான். பையரோடு பேசும் வேலைக்கு ஒரு சம்பவம் பொருந்தும், தரம் பார்க்கும் வேலைக்கு வேறொன்று. இவர் போக நினைப்பது தரப் பிரிவுக்கு. அப்படியானால் இப்படி எழுதலாம்:

“நான் புரொடக்‌ஷன் பார்த்த ஆர்டர்களுக்கு இவர் மெர்ச்சண்டைசர். ஒரு டி-சர்ட் ஆர்டரில் உடம்புத் துணியும் கழுத்து ரிப்பும் பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிந்தன. கட்டிங் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன். இவர் இரண்டையும் லைட் பாக்ஸில் வைத்து, கடை வெளிச்சத்தைப் போட்டுக் காட்டினார். ரிப் சிவப்படித்தது. நான் சத்தம் போட்டும் கட்டிங்கை நிறுத்தச் சொன்னதில் உறுதியாக நின்றார். ரிப்பை மட்டும் சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பினோம். தரம் பார்க்கும் வேலைக்கு இவரைத் தயங்காமல் எடுத்துக்கொள்வேன்.”

இந்தத் தொழில் தெரிந்தவருக்கு அந்த லைட் பாக்ஸ் ஒன்றே போதும். இரண்டு துணிகளுக்கும் சாயக் கலவை வேறாக இருந்தால், ஒரு விளக்கில் ஒத்துப்போகும் நிறம் இன்னொன்றில் பிரிந்துவிடும். ஐரோப்பியக் கடைகளின் டியூப்லைட் வெளிச்சத்தில் சோதிக்கவே அந்தப் பெட்டியில் டி.எல்.84 என்றொரு விளக்கு உண்டு. அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றியவருக்கு வேலை தெரியும். ‘சத்தம் போட்டும்’ என்பது என் கணக்கில் இதிலுள்ள சிறந்த சொல். துணிச்சலானவர் என்று எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்?

பையரின் பெயரும் ஆர்டரின் விலையும் இதில் இல்லை. அவை பழைய நிறுவனத்தின் ரகசியம். ‘தனி ஆளாக ஷிப்மென்ட்டைக் காப்பாற்றினார்’ என்றும் இல்லை. புது நிறுவனம் போன் போட்டு விசாரித்தால் மேனேஜர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டுமே.

நேரடித் தொடர்பில் இருப்பவருக்குத்தான் பரிந்துரை எழுத முடியும். எழுதியதும் அது அவர் பார்வைக்குப் போகும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகே பக்கத்தில் தெரியும். திருத்தம் கேட்கவும் அவருக்கு வழி உண்டு. மூவாயிரம் எழுத்துருக்கள் வரை இடம் இருந்தாலும், நீளமானால் முதல் சில வரிகள் மட்டும் தெரிந்து மீதி மடிந்துவிடும். சம்பவத்துக்குச் சீக்கிரம் வந்துவிடுவது நல்லது. பதிலுக்கு அந்தப் பெண்ணும் அதே வாரம் மேனேஜரைப் புகழ்ந்து எழுத வேண்டாம். தேதியோடு இரண்டும் பக்கத்தில் நிற்கும். பார்க்கிறவர் மொய்க்கு மொய் என்று கணக்கு முடித்துவிடுவார்.